குப்பை பிரிக்கச் சொல்லும் சங்க வாசகம்: நிறமும் நேரமும் எழுதும் முறை

கேள்வி: சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்து மாடி, 60 வீடுகள். குப்பையைத் தரம் பிரித்துப் போடச் சொல்லி, சங்கத்தின் பெயரில் வாட்ஸ்அப் குழுவிலும் லிஃப்ட் பக்கத்திலும் போட ஒரு சின்ன வாசகம் வேண்டும். தொட்டியின் நிறம், வண்டி வரும் நேரம் இரண்டும் வர வேண்டும். ஏற்கெனவே ஒட்டியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எப்படி எழுதினால் நடக்கும்?

பதில்:

முதலில் வாசகத்தையே தருகிறேன். நேரங்களும் கிழமைகளும் மாதிரிக்குப் போட்டவை. உங்கள் தெருவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றுவது என்பதுதான் முக்கியம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பச்சை – தினமும் – காலை 6:45-க்குள் வாசலில்
காய்கறித் தோல், மிச்சச் சோறு, முட்டை ஓடு, மீன் முள், பூ. கவர் போடாமல் அப்படியே.

நீலம் – புதன், சனி – காலை 6:45-க்குள் வாசலில்
பால் கவர், பேப்பர், அட்டை, பாட்டில், பார்சல் டப்பா. கழுவி, காயவைத்து.

சிவப்பு – தினமும் – காலை 6:45-க்குள் வாசலில்
நாப்கின், டயப்பர், பேண்டேஜ். செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் புள்ளி வைத்து.

பல்பு, பேட்டரி, பழைய மாத்திரை, ஊசி – மாதத்தின் முதல் சனி, காலை 10 முதல் 11 வரை, வாட்ச்மேன் அறையில்.

6:45 தவறிவிட்டதா? இரவு 8 முதல் 9 வரை தரைத்தளத்துப் பெரிய தொட்டியில் போடலாம். வாசலில் வைக்க வேண்டாம்.

எதில் போடுவது என்று தெரியவில்லையா? பச்சையில் மட்டும் போடாதீர்கள்.

இவ்வளவுதான். "சுத்தம் நம் கடமை", "நம் குடியிருப்பு நம் பெருமை" போன்ற வரிகளுக்கு இதில் இடமில்லை. கையில் குப்பைக் கூடையோடு நிற்பவருக்குத் தெரிய வேண்டியது நான்கு விஷயம்: எந்தப் பொருள், எந்த நிறம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள். பழைய வாசகம் எடுபடாததற்குக் காரணம் மக்களின் அலட்சியம் என்று சங்கக் கூட்டத்தில் சொல்வார்கள். பெரும்பாலும் அந்த அறிவிப்பில் இந்த நான்கில் ஒன்றோ இரண்டோ விட்டுப்போயிருக்கும், அல்லது வாசலில் நடப்பதோடு பொருந்தாமல் இருக்கும்.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன், அதிகம் சொதப்புவது அங்கேதான். "வண்டி காலை 7 மணிக்கு வரும்" என்று எழுதுவது பயன்படாது. வண்டி எப்போது வரும் என்பது வண்டியின் நேரம். வீட்டுக்காரருக்குத் தேவை, தான் எப்போது வெளியே வைக்க வேண்டும் என்பது. இரண்டுக்கும் நடுவே உங்கள் ஹவுஸ்கீப்பிங் ஆள் மாடி மாடியாக ஏறி இறங்கும் நேரம் இருக்கிறது. ஒரு வாசலுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலே 60 வீட்டுக்கு அரை மணி நேரம் ஆகிவிடும். வண்டி 7:20-க்கு வருமானால் 6:45 என்று எழுதினால்தான் சரியாக இருக்கும்.

அந்த 7:20-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? வாட்ச்மேனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மாநகராட்சியின் பேட்டரி வண்டி வாசலில் நின்ற நேரத்தை இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள். பதினான்கு நேரங்கள் கிடைக்கும். 7:20, 7:45, 7:30, 8:05 என்று இருக்கும். சராசரி எடுக்காதீர்கள். இருப்பதிலேயே சீக்கிரமான நேரத்தை எடுங்கள். சராசரியை வைத்து எழுதினால் பாதி நாள் வண்டி முந்திக்கொண்டு போய்விடும். இரண்டு நாள் அப்படி ஏமாந்தவர் மூன்றாம் நாள் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் வீசிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் நேரம் மாறுகிறதா, வண்டி வருகிறதா என்பதும் அதே நோட்டில் தெரிந்துவிடும்.

நீலத்துக்கு "ஒன்று விட்டு ஒரு நாள்" என்று எழுதாதீர்கள். ஏழு நாள் வாரத்தில் அது ஒவ்வொரு வாரமும் நழுவும். இன்றைக்கா நாளைக்கா என்று குழுவில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கிழமையின் பெயரைப் போடுங்கள். மக்காத குப்பையை உங்கள் வார்டில் என்றைக்கு எடுக்கிறார்கள் என்று தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடமோ அவருடைய மேற்பார்வையாளரிடமோ கேட்டு, அதற்கு ஒத்த கிழமையைப் போடுங்கள்.

அந்த இரவு 8 முதல் 9 வரை என்ற வரி எதற்கு என்று கேட்பீர்கள். 60 வீட்டில் ஐந்தாறு பேராவது காலை ஆறு மணிக்கே கிளம்புபவர்களாகவோ, இரவுப் பணி முடிந்து விடியலில் வந்து தூங்குபவர்களாகவோ இருப்பார்கள். அவர்களுக்கு வழி சொல்லாவிட்டால், இரவே கூடையை வாசலில் வைத்துவிட்டுப் படுப்பார்கள். பூனை இழுத்துப்போடும், கரப்பான் ஏறும், எதிர்வீட்டுக்காரர் புகார் சொல்வார், கடைசியில் திட்டத்தையே குறை சொல்வார்கள். மூடி இறுக்கமாக உள்ள ஒரு தொட்டியை அவர்களுக்காகத் தரைத்தளத்தில் வைப்பது அதைவிட எளிது.

இனி நிறம். இதில் நாடு முழுக்க ஒரு குழப்பம் இருக்கிறது, அது உங்கள் குழுவிலும் வரும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் மக்கும் குப்பைக்குப் பச்சை, மறுசுழற்சிக்குப் போவதற்கு வெள்ளை, மற்றவற்றுக்குக் கறுப்பு என்று இருந்தது. ஆனால் 2017-இல் நாடு தழுவிப் பரப்பப்பட்டது பச்சை, நீலம் என்ற இரண்டு தொட்டி முறை. கடைகளில் கிடைப்பதும் அவைதான். பெங்களூரில் பச்சைத் தொட்டி, சிவப்புத் தொட்டி, ஒரு பை என்று வேறு ஏற்பாடு. அங்கிருந்து குடிவந்தவர் "பேப்பருக்குத் தொட்டியே கிடையாது, பைதான்" என்று வாதாடுவார், அவர் ஊருக்கு அது சரி. ஆகவே எந்த நிறம் சட்டப்படி சரி என்று குழுவில் விவாதம் நடத்தாதீர்கள். உங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் எந்த நிறத் தொட்டியில் எதைக் கொட்டுகிறார்கள் என்று பார்த்து, அதையே எழுதுங்கள். வீட்டில் பச்சை என்று பிரித்ததை வண்டியில் வேறு நிறத்தில் கொட்டுவதைப் பார்த்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

எண்ணிக்கை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2016 விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. நாப்கின், டயப்பரைச் சுற்றி மக்காத குப்பையோடு சேர்க்கலாம் என்றும் அவற்றில் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு, மருந்து போன்று தனியாகக் கையாள வேண்டியவை. மேலே உள்ள வாசகத்தில் சிவப்பைத் தனியாகவும் முதல் சனியைத் தனியாகவும் வைத்திருப்பது அதனால்தான். பழைய துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து நகல் எடுத்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாமல் தொட்டியின் மேல் எழுத்தும் படமும் ஒட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. அது போக, பார்க்கிங்கில் மஞ்சள் வெளிச்ச சோடியம் விளக்கு இருந்தால் இரவில் பச்சையும் நீலமும் ஒரே மாதிரி மங்கிய சாம்பல் நிறமாகத் தெரியும். இரவு 8 மணிக்குக் கீழே வருபவர் மாற்றிக் கொட்டுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தொட்டிகளுக்கு மேலே வெள்ளை வெளிச்சத்தில் ஒரு எல்.இ.டி. டியூப் லைட் போட்டால் தீர்ந்தது. இன்னொன்று: உடைந்த மூடிக்குப் பதில் கையில் கிடைத்த வேறு நிற மூடியைப் போடாதீர்கள். நீலத் தொட்டிக்குப் பச்சை மூடி போட்டால், மேலிருந்து பார்ப்பவருக்கு மூடியின் நிறம்தான் கணக்கு.

பச்சைத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்பாடு நிலைப்பதும் கெடுவதும் அதில்தான். பச்சையில் போவது உரமாகும், அல்லது எரிவாயு ஆலைக்குப் போகும். இரண்டுக்கும் பிளாஸ்டிக்தான் எதிரி. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இது: காய்கறிக் கழிவை ஒழுங்காகத் தனியாகச் சேர்ப்பார்கள், ஆனால் கூடைக்குள் ஒரு கேரி பேக்கை விரித்து, நிறைந்ததும் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சோடு பச்சைத் தொட்டிக்குள் போடுவார்கள். பிரித்துவிட்டதாக அவர்களுக்கு நிம்மதி. ஆனால் தூய்மைப் பணியாளர் ஒவ்வொரு முடிச்சையும் கையால் கிழித்துக் கொட்ட வேண்டும். நேரம் இல்லாவிட்டால் கவரோடு போகும், உள்ளே காற்றில்லாமல் அழுகி நாறும். அதனால்தான் வாசகத்தில் "கவர் போடாமல் அப்படியே" என்று இருக்கிறது. அந்த மூன்று சொற்களை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். கூடை அசிங்கமாகிறதே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: செய்தித்தாளில் இரண்டு தாளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூடைக்குள் விரித்தால் போதும், காகிதமும் சேர்ந்து மக்கும். சாம்பார், ரசம், குழம்பின் தண்ணீரைச் சிங்க்கில் வடிகட்டிவிட்டுச் சக்கையை மட்டும் போட்டால் தாள் கிழியாது, ஒழுகாது. எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது, குழாயை அடைத்துவிடும். பழைய பாட்டிலில் சேர்த்து முதல் சனி கொண்டுவரச் சொல்லுங்கள்.

பச்சையில் தவறிப்போய் விழுவதில் முதல் இடம் பால் கவருக்கு. காரணம் சாதாரணம்: அது ஈரமாக இருக்கிறது, சமையலறையில் இருக்கிறது, காலையில் காய்கறித் தோலோடு சேர்ந்தே கைக்கு வருகிறது. ஈரமாக இருப்பதெல்லாம் பச்சை என்று நினைத்துவிடுகிறார்கள். வாசகத்தில் நீலத்தின் முதல் சொல்லாகவே பால் கவரை வைத்திருப்பது இதற்காகத்தான். இன்னும் நுணுக்கமான சங்கதி, கவரின் மூலை. பாலை ஊற்ற மூலையைக் கத்தரித்து எறிவோமே, அந்த விரல்நுனி அளவுத் துண்டு எப்போதும் காய்கறிக் கழிவோடுதான் போகும். 60 வீட்டில் வீட்டுக்கு இரண்டு பாக்கெட் என்றால் ஒரு நாளைக்கு 120 துண்டு. சல்லடையில் உரத்தைச் சலித்தாலும் சில துண்டுகள் தப்பிவிடும். மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி முக்கால் வெட்டு போட்டால் பிரச்சினையே இல்லை. இதை லிஃப்ட் வாசகத்தில் சேர்க்க வேண்டாம், நீளமாகிவிடும். இரண்டாம் வாரம் குழுவில் தனியாக ஒரு படத்தோடு போடுங்கள்.

தேங்காய் ஓடு, நார், இளநீர்க் கூடு, கரும்புச் சக்கை பற்றிக் கண்டிப்பாகக் கேள்வி வரும். மக்குவதுதான், ஆனால் மெதுவாக. காய்கறி ஆறு முதல் எட்டு வாரத்தில் உரமாகும்போது ஓடு அப்படியே கிடக்கும். குடியிருப்புக்குள் உரத்தொட்டி வைத்திருந்தால் இவற்றைத் தோட்டக் குப்பையோடு தனி மூட்டையாகச் சேருங்கள். மாநகராட்சி வண்டியில்தான் கொடுக்கிறீர்கள் என்றால், எதில் வாங்குகிறார்கள் என்று ஒருமுறை கேட்டு, பதிலை வாசகத்தில் ஒரு சொல்லாகச் சேர்த்துவிடுங்கள். அதேபோல மீன் முள், கோழி எலும்பு. வண்டிக்கு என்றால் பச்சையில் போகலாம். உங்கள் வளாகத்திலேயே உரம் போடுகிறீர்கள் என்றால் எலி, நாய் வரும். அப்போது "மீன் முள்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அசைவக் கழிவுக்கு வண்டியில் தனி ஏற்பாடு செய்யுங்கள்.

"எதில் போடுவது என்று தெரியாவிட்டால் பச்சையில் போடாதீர்கள்" என்ற கடைசி வரியும் இதே கணக்குதான். சந்தேகப் பொருள் நீலத்தில் விழுந்தால், பிரிக்கும் இடத்தில் ஒருவர் கையால் எடுத்து அப்பால் போடுவார், அதற்காகத்தான் அந்த இடமே இருக்கிறது. பச்சையில் விழுந்தால் சோற்றுக்கும் சாறுக்கும் நடுவே அதைத் தேடி எடுக்க முடியாது.

நீலத்துக்குச் சொல்ல வேண்டியது கழுவுவதும் காயவைப்பதும். பார்சல் டப்பாவில் பிரியாணி எண்ணெய் ஒட்டியிருந்தால் அதே தொட்டியில் உள்ள பேப்பரும் அட்டையும் பாழாகும், பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார். சோப்பெல்லாம் வேண்டாம், பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு அலசல் போதும். தெர்மாகோல், டெட்ரா பேக், சிப்ஸ் கவர் மூன்றும் நீலம்தான். பழைய பேப்பர்காரர் எடுக்காததால் இவற்றைப் பலர் மற்ற குப்பையோடு சேர்த்துவிடுகிறார்கள்.

சிவப்பில் கூச்சம் ஒரு தடை. நாப்கினைக் கறுப்புக் கவரில் கட்டி யாருக்கும் தெரியாமல் எதிலாவது தள்ளிவிடுவார்கள். கறுப்புக் கவர் வந்தாலே பணியாளருக்கு உள்ளே என்ன என்று தெரியாது, பிரித்துப் பார்க்க வேண்டிவரும். செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு புள்ளி வைத்துவிட்டால் யாரும் பிரிக்க மாட்டார்கள். புனே நகரில் குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவு அமைப்பு இந்தச் சிவப்புப் புள்ளியை ஓர் இயக்கமாகவே நடத்தியது. கூச்சத்துக்கும் அது மருந்து, ஏனென்றால் சுற்றிய பொட்டலம் பொட்டலமாகத்தான் தெரியும். டயப்பரில் உள்ள மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

ஊசியைச் சிவப்பில்கூடப் போடக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் ஒவ்வொரு மாடியிலும் இருப்பார்கள். பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான ஷாம்பு பாட்டில் போன்ற ஒன்றில் போட்டு, மூடியை இறுக்கி, நிறைந்ததும் முதல் சனிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பணியாளர் தொட்டிக்குள் கைவிட்டுத்தான் வேலை செய்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. உடைந்த கண்ணாடிக்கும் இதே கவனம் வேண்டும்: அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே "கண்ணாடி" என்று எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். செல்போன், பவர் பேங்க் பேட்டரி எந்தத் தொட்டியிலும் விழக் கூடாது. லாரியில் அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடிக்கும்.

வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொட்டி நிரம்பி வழிந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஒட்டுவதற்கு முன் அளவைக் கணக்கிடுங்கள். ஒரு வீட்டுக்கு நாளுக்குச் சுமார் 1.2 கிலோ என்று வைத்துக்கொண்டால் 60 வீட்டுக்கு 72 கிலோ. இது தோராயம்தான், ஒரு தொங்கு தராசு வாங்கி மூன்று நாள் எடை போட்டால் உங்கள் எண் கிடைத்துவிடும். அதில் பாதிக்கு மேல், ஒரு 42 கிலோ, மக்கும் குப்பையாக இருக்கும். மக்கும் குப்பை கனமானது, ஒரு லிட்டர் இடத்தில் ஏறக்குறைய 400 கிராம் அடங்கும். ஆக 105 லிட்டர் இடம் போதும். சக்கரம் வைத்த 120 லிட்டர்ப் பச்சைத் தொட்டி ஒன்று தினசரிக்கு, வண்டி வராத நாளுக்காக இன்னொன்று.

நீலத்தில்தான் ஏமாறுவோம். எடை ஒரு 21 கிலோதான், ஆனால் அது வெறும் டப்பாவும் அட்டையும். லிட்டருக்கு 80 கிராம்கூடத் தேறாது. தினமும் 260 லிட்டர் இடம் பிடிக்கும். புதன், சனி என்று எடுத்தால் சனிக்கும் புதனுக்கும் நடுவே நான்கு நாள் குப்பை, அதாவது ஆயிரம் லிட்டருக்கு மேல். 240 லிட்டர்த் தொட்டி ஐந்து வேண்டும், இல்லாவிட்டால் பெரிய பாலிபுரோப்பிலீன் சாக்குகள். இங்கே ஒரே ஒரு நீலத் தொட்டியை வைத்துவிட்டு, ஞாயிறு மதியமே நிரம்பி வழிவதைப் பார்த்து "எங்கள் ஆட்கள் பிரிக்க மாட்டார்கள்" என்று முடிவு கட்டும் சங்கங்கள் நிறைய. இடம் இல்லை என்றால் நீலத்தை எடுக்கும் நாள்வரை வீட்டிலேயே பால்கனியில் ஒரு சாக்கில் வைத்திருக்கச் சொல்வதுதான் வழி. கழுவிக் காயவைத்தது நாறாது. வாசகத்தில் நீலத்துக்குக் கிழமையைக் குறிப்பிட்டிருப்பதும் அதற்காகத்தான்.

இந்த 72 கிலோவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நாளுக்கு 100 கிலோவை எட்டும் இடங்களை விதிகள் மொத்தமாகக் குப்பை உண்டாக்குபவர்கள் என்று தனியாக வைக்கின்றன, அவர்களுக்குப் பொறுப்புகள் அதிகம். எடைக் கணக்கில் நீங்கள் அதற்குக் கீழே இருக்கிறீர்கள். பக்கத்து பிளாக்கையும் சேர்த்து ஒரே சங்கமாக்கினால் கணக்கு மாறலாம். தராசு எடையை எழுதி வைத்திருந்தால் பிறகு உதவும்.

யார் படிக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். பல வீடுகளில் கூடையை வெளியே வைப்பது வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். அவர் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை, லிஃப்ட்டில் ஏறாமல் படியில் வருபவராகவும் இருக்கலாம். அவருக்காக, மூன்று படமும் மூன்று நிறமும் "6:45" என்ற எண்ணும் மட்டும் உள்ள உள்ளங்கை அளவு ஸ்டிக்கரை வீட்டுக்கு ஒன்று கொடுத்து, சமையலறைக் கூடைக்கு மேலே சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். லிஃப்ட் போர்டைவிட இது வேலை செய்யும். தமிழ் தெரியாத குடும்பங்களுக்கும் படமே போதும்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவது ஏ3 அளவில், கண்மட்டத்தில் இருக்கட்டும். நிறத்தின் பெயரும் நேரமும் ஒரு அங்குல உயரத்துக்காவது இருந்தால் பத்தடியிலிருந்து தெரியும். சாதாரண இங்க்ஜெட் அச்சை வெயில் படும் இடத்தில் ஒட்டாதீர்கள். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், ஆறு மாதத்தில் எல்லாமே நீலமாகத் தெரியும். நிறம் சொல்லும் போர்டுக்கு இது ஆபத்து. தொட்டிப் பக்கம் ஒட்டுவதை வினைல் ஸ்டிக்கராக அடியுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு முழு வாசகத்தையும் ஒரே தடவை அனுப்பி, பின் செய்துவிடுங்கள். அதற்குமேல் தினமும் அனுப்பினால் மியூட் செய்துவிடுவார்கள். செவ்வாய் இரவு 8:30-க்கும் வெள்ளி இரவு 8:30-க்கும் "நாளை நீலம். 6:45." என்று மட்டும் போட்டால் போதும். பிரிக்காதவர் வீட்டு எண்ணைக் குழுவில் போடாதீர்கள். அதற்குப் பிறகு சண்டைதான் நடக்கும், பிரிப்பது நடக்காது. பணியாளர் கூடையை எடுக்காமல் விட்டு, "கலந்திருக்கிறது" என்று ஒரு சீட்டை அதிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

நடக்கிறதா என்று பார்க்க ஒரே வேலை: வாரம் ஒரு நாள், பச்சைப் பெரிய தொட்டியைத் தார்ப்பாயில் கவிழ்த்து, கவர் முடிச்சு எத்தனை, பால் கவர் எத்தனை, நாப்கின் எத்தனை என்று கையுறை போட்டு எண்ணுங்கள். முடிச்சு அதிகமென்றால் "கவர் போடாமல்" என்பதைப் பெரிதாக்குங்கள். நாப்கின் வருகிறதென்றால் சிவப்புக்கு வீட்டில் தனிக் கூடை இல்லை என்று பொருள். தவறு ஒரே மாடியிலிருந்து வந்தால், அங்கே புதுக் குடித்தனம் வந்திருக்கும், போர்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவதை யாராவது வீடியோ எடுத்துக் குழுவில் போடுவார், அந்த நாளும் வரும். உடனே பதில் எழுதாதீர்கள், முதலில் போய்ப் பாருங்கள். பச்சைக்குள் முடிச்சுக் கவர்கள் இருந்ததால் பணியாளரே அதைக் கலப்புக் குப்பையாக எடுத்திருக்கலாம். மாற்று வண்டி வந்து, அதில் தடுப்பு இல்லாமலும் இருக்கலாம். பிரித்துக் கொடுத்ததையே தொடர்ந்து கலக்கிறார்கள் என்றால் தேதி, நேரம், வண்டி எண், படம் நான்கையும் வைத்து மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குழுவில் போடுங்கள். "கேட்டிருக்கிறோம்" என்பதைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

பண்டிகை நாட்களுக்குத் தனி வாசகம் எழுதுங்கள், அன்றாட வாசகத்தில் ஏற்றாதீர்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் பூசணிக்காயும் பச்சைத் தொட்டியை அடைத்துவிடும், அவற்றைத் தொட்டிக்கு வெளியே தனியாக அடுக்கச் சொல்ல வேண்டும். பூசணிக்காய்க்குள் வைத்த காசையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். தீபாவளிக்குப் பட்டாசுக் குப்பையை எந்த நிறத்திலும் போடக் கூடாது. மருந்துத் தூள் இருப்பதால் சென்னை மாநகராட்சி அதைத் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரமான கழிவு கையாளும் இடத்துக்கு அனுப்புகிறது. ஆகவே தீபாவளிக்கு முந்தின நாள் போட வேண்டிய வாசகம் இது: "பட்டாசுக் குப்பை – கூட்டி, சாக்கில் தனியாக, கேட் ஓரம். தண்ணீர் தெளித்த பிறகே கட்டவும். எந்தத் தொட்டியிலும் வேண்டாம்."